ஓரத்தில் இருந்த எச்

பர்பேங்க், கலிஃபோர்னியா
18 அக்டோபர் 1956

மதிப்பிற்குரிய திரு. ஃபாரகோ அவர்களுக்கு,

செவ்வாயன்று ஸ்டுடியோ இசை நூலகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், நூலகர் மிஸ் டன்லீவி, உங்கள் மெட்டுகளையும் என் கணவர் லைல் மெட்டுகளையும் வாத்தியங்களுக்குப் பிரித்தெழுதிய திரு. ப்ரூவிட். ஆண்டவர் அறிய நடந்ததை எழுதுகிறேன்.

லைல் மே மாதம் காலமானார். மெக்சிகோவில் உங்களுக்குச் செய்தி வந்ததோ என்னவோ. கடைசி வாரம் முழுக்க, நீங்கள் இருவரும் இசையமைத்த கலங்கரை விளக்கப் படத்தின் அந்த நான்கு சுரங்களைத்தான் முனகினார். அவற்றையே கல்லறைக் கல்லில் செதுக்கச் சொன்னேன். இப்போது படத்தின் இசை இசைத்தட்டாக வருகிறது. மெட்டு லைலுடையது என்று நான் கையெழுத்திட வேண்டும்.

அது படத்தில் நான்கு இடங்களில் வருகிறது. தாய் விளக்கேற்றும்போது ஓபோ குழலில். மகன் படகேறும்போது செல்லோக்களில், பாதி வேகத்தில். புயலில் ட்ரம்பெட்டில் தலைகீழாக, ஏற வேண்டிய இடத்தில் இறங்கி. முடிவில் மூன்றே சுரத்தோடு நின்றுவிடுகிறது. எந்த இசை யாருடையது என்ற ஸ்டுடியோ பட்டியலில் நான்குக்கும் லைல் பெயர். "பட்டியலை விடுங்க ஆர்டித், அது படம் முடிஞ்சப்புறம் ஆபீஸ்ல அடிக்கிற காகிதம்" என்றார் ப்ரூவிட். முழு இசைத்தாளும் ப்ரூவிட்டே தன் கையால் பெயர்த்தெழுதியதாம். மெட்டை முதலில் பென்சிலில் கிறுக்கிய தாள்தான் உண்மை சொல்லுமாம்.

மிஸ் டன்லீவி நான்கு காட்சிகளின் பென்சில் தாள்களையும் எடுத்துவந்தார். விளக்குக் காட்சித் தாளின் ஓரத்தில், மூன்றாம் சுரத்துக்கு அம்புக்குறி போட்டு, 'எச்' என்று இருந்தது. ஹாலன்பெக்கின் முதலெழுத்து! என் கண் நிறைந்துவிட்டது.

ப்ரூவிட் தாளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, "அது பேரில்லைம்மா, சுரம். நாம 'பி'ன்னு எழுதுற சுரத்தை ஐரோப்பாவுல, ஃபாரகோ ஊர்ல, 'எச்'னுவாங்க. அவங்க 'பி'ன்னா அரைச்சுரம் கீழ. நான் தப்பா எழுதிடக் கூடாதுன்னு அவர் எனக்குப் போட்ட குறிப்பு. லைலுக்கு மெனு கார்டுல ஒரு வெளிநாட்டு வார்த்தை வந்தாலே வேர்க்கும், அவன் எங்க இதை எழுதப்போறான்?" என்றார்.

தாளில் 9 மார்ச் 1951 என்று இருந்தது. என் வீட்டுக் குறிப்பேட்டில் அன்று: 'லைலுக்கு நூற்று மூன்று காய்ச்சல், படுக்கையை விட்டு எழவில்லை.' மற்ற மூன்று தாள்களும் லைல் கைப்பட எழுதியவைதான். எல்லாம் ஏப்ரலுக்குப் பிந்தியவை. அதற்குள் கம்யூனிஸ்டா என்ற விசாரணைக்கு உங்களை அழைத்ததால் நீங்கள் ஊரைவிட்டே போயிருந்தீர்கள்.

எங்கள் மேசையில் எத்தனை ஞாயிறு ஜெபத்துக்குத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் போனபின் லைல் உங்கள் பெயரை எடுத்ததேயில்லை. பயம் என்று நினைத்திருந்தேன்.

நீங்களாக அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்களா, அவராக எடுத்துக்கொண்டாரா? என்னைத் தேற்றுவதற்காகப் பொய் எழுத வேண்டாம். அந்தக் காகிதத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை. கல்லறைக் கல்லில் உள்ள சுரங்களைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்கிறார் கல்தச்சர். தேய்த்த இடம் பள்ளமாகத் தெரியுமாம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டையும் காக்கட்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ஆர்டித் ஹாலன்பெக்