வெள்ளிப்பொடி முகம்

என்னங்க,

போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். மாலை நேர எம்.காமில் சேர்ந்துவிட்டேன்.

சேர்க்கைக்கு இன்றே கடைசி நாள். வேலை முடிந்து கம்பெனி வேன் விருதுநகரில் இறக்கிவிட்டதும் அப்படியே கல்லூரிக்கு ஓடினேன். கட்டணக் கவுண்டரை ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள். சலானின் மூன்று பிரதியையும் நிரப்பிப் பணத்தோடு நீட்டினேன். முத்திரை குத்தி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்கள்.

"பக்கத்து மேசையில போட்டோ எடுத்துக்கோங்க. ஐடி கார்டு போடாம சேர்க்கை முடியாது."

அங்கிருந்தவர் கேமராவில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னம்மா, முகமெல்லாம் மினுங்குது? கழுவிட்டு நாளைக்கு வாங்க."

"நகை போடாமலே அக்கா எம்புட்டு ஜொலிக்காக!" என்றாள் பின்னால் நின்றவள். வரிசையே சிரித்தது.

குழாயடியில் மூன்று தடவை கழுவினேன். நெற்றியோரத்து வெள்ளிப்பொடி போகவே இல்லை. மணி ஐந்து ஐம்பது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சார், தினமும் வேலை முடிஞ்சு இந்த மூஞ்சியோடதான் வருவேன். கழுவின மூஞ்சிய கார்டுல போட்டா, வாட்ச்மேன் என்னை உள்ள விடுவாரா?"

"அதுவும் சரிதாம்மா. நிமிந்து உக்காருங்க" என்று எடுத்துவிட்டார்.

கார்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஆபீசில் கணக்கு எழுதுவதாக உங்களிடம் சொன்னவள் முகத்தில் பட்டாசு மருந்து எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஊருக்கு வந்து கேளுங்கள், சொல்கிறேன். கோபப்படுவதானால் ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் பாப்பாவை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு வகுப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா