கேசட்டின் மறுபக்கம்

அன்புள்ள அம்மா,

தொண்டை வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். தொண்டை ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்கணும்னியே, அப்பாவோட கேசட் பாட்டு, அது கிடைச்சிடுச்சு.

வரி ஒண்ணும் ஞாபகமில்ல. மழைப் பாட்டுக்கு அடுத்தது, அவ்வளவுதான் தெரியும். போன்ல அந்த ஆல்பத்தைத் தேடி எடுத்தா, எட்டுப் பாட்டுல மழைப் பாட்டுதான் கடைசி. நம்ம பாட்டையே எடுத்துட்டாங்களோன்னு பதறிட்டேன்.

துணி துவைக்கும்போது மழைப் பாட்டைக் கடைசிவரைக்கும் முணுமுணுத்தேன். அடுத்த பாட்டு வாயில வரல. "ஏங்க, திருப்பிப் போடுங்க!"ன்னு அடுப்படியிலிருந்து நீ கத்துறதுதான் காதுல கேட்டது. அப்பதான் உறைச்சது. அப்பா எப்பவும் ரெண்டாவது பக்கத்தைத்தானே முதல்ல போடுவார்! திருப்பினா வர்றது ஆல்பத்தோட முதல் பாட்டு. போட்டேன், அதேதான்.

அண்ணன் போனுக்கு அனுப்பியிருக்கேன். ஆபரேஷனுக்குள்ள அந்த "திருப்பிப் போடுங்க"வை ஒரு தடவை கத்தி, அண்ணன் போன்ல பதிவு பண்ணி அனுப்பும்மா. சும்மாதான் கேக்கறேன்.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு.

உன் சின்னவன்