குட்டு வாங்கிய கேள்வி

பரமத்தி வேலூர்
9.6.2024

யாழினிக்கு அப்பத்தா எழுதுவது.

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் அப்பன் சொல்லித் தெரிந்துகொண்டேன். உன்னோடு இனி வாய் திறந்து பேசமாட்டேன் என்று சித்திரையில் சொன்னேன், சொன்னபடி போனையும் எடுக்கவில்லை. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

நாமக்கல் பக்கத்தில் அவ்வளவு பெரிய விடுதிப் பள்ளிக்கூடம். அங்கே உனக்கு வாத்தியார் வேலை கிடைத்ததை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அதை விட்டுவிட்டு மேச்சேரியில் ஆடு வளர்க்கிற பெண்களுக்குச் சாயங்கால வகுப்பு எடுக்கிறாயாம். பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால் சின்னண்ணன் சிரிக்கிறான். உன் தாத்தன் காரியத்துப் பந்தியில் ரசம் சப்பென்று இருக்கிறது என்றவன் அவன். அதையும் நான் மறக்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் சௌந்திரம் டீச்சர் நடத்திய பாடம் இன்றும் அப்படியே வரும். "பச்சை இலைகள் சூரிய ஒளியின் உதவியால் தமக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன." ஒரு சொல் பிசகாது. அவர் ஊற்றினார், நான் சிந்தாமல் பிடித்துக்கொண்டேன். அதுதான் படிப்பு. அந்தப் பாடத்தின் நடுவில் நான் ஏதோ கேட்டேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று தலையில் குட்டினார். குட்டு ஞாபகம் இருக்கிறது. என்ன கேட்டேன் என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

முத்தாயம்மாள்


மேச்சேரி
23.6.2024

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

திட்டுவதற்காவது எழுதினீர்களே, அதுவே போதும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைத் தொடுவதே இல்லை. பத்தாம் வகுப்புக் கேள்வி பதிலையே இரண்டு வருடமும் திரும்பத் திரும்ப எழுத வைப்போம். வங்கியில் பணம் போடுகிற மாதிரி நாங்கள் போடுவோம், பிள்ளைகள் பரீட்சை அன்று எடுத்துக் கொடுப்பார்கள். ஒருநாள் கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றிக் கேட்டேன். வகுப்பே பேனாவை வைத்துவிட்டது. எல்லாப் பரீட்சையிலும் முதலில் வரும் மதுமதி எழுந்து, "மிஸ், இது நீங்க குடுத்ததுல இல்லைங்களே" என்றாள். அவள் முகத்தில் தெரிந்தது பயம். அந்தப் பயத்தையும் நாங்கள்தான் போட்டு வைத்திருந்தோம்.

இங்கே நான் புத்தகத்தோடு வரவில்லை. முதலில் பல நாள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, இவர்கள் வாயில் அடிக்கடி வருகிற சொற்களைக் கேட்டேன். பட்டி, தீவனம், தரகு, சந்தை. பிறகு ஆட்டுச் சந்தையைப் படமாக வரைந்து சுவரில் மாட்டினேன். விற்பவரும் வாங்குபவரும் துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா, அந்தப் படம். என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். பொன்னாத்தாள் என்கிற அக்கா சொன்னார்: "குட்டியில இருந்து வளத்துறது நாம. துண்டுக்குள்ள ஒரு பொம்பள கையும் காணமே."

பேசி முடித்த பிறகுதான் 'சந்தை' என்று எழுதினேன். அதிலிருந்து ச சா சி சீ, ந நா நி நீ, த தா தி தீ என்று அட்டைகளை விரித்தேன். அவர்களாகவே சேர்த்து நதி, சாதி, நீதி என்று கண்டுபிடித்தார்கள். பொன்னாத்தாள் அக்கா இரண்டு அட்டையை எடுத்து வைத்தார். 'நீ தா.' அவர் முதன்முதலாக எழுதிய வாக்கியம்.

ஒருமுறை போனை எடுங்கள், அப்பத்தா. உங்கள் குரல் கேட்காமல் என்னவோ போல் இருக்கிறது.

யாழினி


பரமத்தி வேலூர்
7.7.2024

யாழினிக்கு,

போன் பற்றி எழுதாதே. சொன்னது சொன்னதுதான்.

சௌந்திரம் டீச்சரும் கேள்வி கேட்டவர்தான். ஒரு கையில் பிரம்பு, இன்னொரு கையில் பதில். நாங்கள் அந்தப் பதிலைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நீ படம் வரையும்போதே பெண் கை வேண்டும் என்று நினைத்துத்தானே வரைந்தாய்? அந்த அம்மாள் நீ நினைத்ததைச் சொன்னாள், உனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நீ நினைக்காத ஒன்றை யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் எழுது. இல்லாவிட்டால் நீயும் அவரும் ஒன்றுதான், பிரம்புதான் இல்லை.

முத்தாயம்மாள்


மேச்சேரி
4.8.2024

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

உங்கள் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. நான் அப்படி நினைத்துத்தான் வரைந்தேன். விலையை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், துண்டே கூடாது என்று அவர்கள் சொல்வார்கள் என எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

அடுத்த வகுப்பில் என் நினைப்பை வாயால் சொல்லிவிட்டு, "இது தப்பா இருந்தா சொல்லுங்கக்கா" என்றேன். பொன்னாத்தாள் அக்கா சிரித்துவிட்டார். "துண்ட எடுத்துப்போட்டா வெல ஊருக்கே தெரிஞ்சு போகும் சாமி. எங்கூட்டுக்காரரு அன்னைக்கே குடிக்கக் கேப்பாரு. துண்டு இருக்கோணும். உள்ள போற கை எங்களதா இருக்கோணும்." இதை நான் நினைத்ததே இல்லை, அப்பத்தா.

விரல் கணக்கை அவர்கள் எனக்குப் பழக்கினார்கள். அந்தக் கணக்கை எண்ணாகப் பலகையில் நான் எழுதிக் காட்டினேன். தெரிந்ததைச் சொல்லித் தராமல் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களும் அப்படித்தான்.

சந்தைக்குப் பொன்னாத்தாள் அக்காவே கிடாயைப் பிடித்துக்கொண்டு போய்த் துண்டைப் போட்டார். வியாபாரி கையை இழுத்துக்கொண்டார். கிடாயோடு திரும்பி வந்தவரை யாரும் தேற்றவில்லை. ஏன் இழுத்தார் என்று வகுப்பில் பேசினோம். சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள் என்றுதான் என்றார் ஒருவர். ஒருத்தியாகப் போனால்தானே சிரிப்பார்கள் என்றார் இன்னொருவர். அடுத்த சந்தைக்கு எல்லோரும் அவரவர் ஆட்டோடு போய், சேர்ந்து நின்றார்கள். ஆடி மாதம், வியாபாரிக்கு ஆடு வேண்டும். கை உள்ளே வந்தது.

என்ன விலைக்குப் போனது என்று பொன்னாத்தாள் அக்காவிடம் கேட்டேன். "துண்டுக்குள்ள பேசுனது துண்டுக்குள்ளயே இருக்கட்டும்" என்றுவிட்டார்.

யாழினி


பரமத்தி வேலூர்
18.8.2024

யாழினி சாமிக்கு அப்பத்தா எழுதுவது.

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் நேற்று கொடிக்காலில் வெற்றிலை கிள்ளினேன். துண்டுக்குள் போன கையை நினைத்துக்கொண்டே கிள்ளினேனா, திடீரென்று அந்தக் கேள்வி ஞாபகம் வந்துவிட்டது. ஆமாம், குட்டு வாங்கிய கேள்வி.

வெற்றிலைக் கொடியை நாங்கள் வெயிலில் விடுவதில்லை. அகத்தியை வளர்த்து, அந்த நிழலில்தான் ஏற்றிவிடுகிறோம். வெயில் பட்டால் இலை கருகும். எங்கப்பன் கொடிக்காலிலும் அப்படித்தான். அதனால்தான் கேட்டேன்: "டீச்சர், சூரியன் சோறு போடும்னா எங்க வெத்தல ஏனுங்க நெழல்ல நிக்குது?"

குட்டு விழுந்ததும் கேள்வி போய்விட்டது, பாடம் மட்டும் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை இலை கிள்ளியிருப்பேன். ஒரு தடவைகூட, இந்த இலைதான் அந்தப் பாடத்து இலை என்று எனக்குத் தோன்றவில்லை. பாடத்தை ஒப்பித்த வாய் ஒன்று, இலை கிள்ளின கை ஒன்று. இரண்டும் என்னோடதுதான். ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. சௌந்திரம் டீச்சர் இருந்தால் போய்க் கேட்பேன். இல்லை. அவரை மன்னிக்கவும் மாட்டேன்.

உனக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்கும், பெரிய படிப்பு படித்தவள். எழுதி அனுப்பிவிடாதே. வெள்ளிக்கிழமை நான் மேச்சேரிக்கு வாரேன். ஒரு கவுளி வெற்றிலையும் ஒரு அகத்திக் கிளையும் கொண்டு வருகிறேன். படத்துக்குப் பதில் அதை நடுவில் வை. அந்தப் பொன்னாத்தாள் என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும்.

உன்னோடு பேசமாட்டேன் என்று சொன்னதில் மாற்றமில்லை. வகுப்பில் பேசுவேன். அங்கே நீயும் உட்கார்ந்திருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

யாரும் வாய் திறப்பதற்கு முன் நீ பதிலைச் சொல்லிவிட்டால், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பத்தா