நாலே முக்கால் மணி அலாரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் போல இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போனது. பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு கணக்குத் தாள் 38. இன்னும் 21 பாக்கி.

ஸ்கூல் விட்டதும் தி.நகர். ஜாக்கெட் இன்னும் தைத்து முடிக்கவில்லை. வியாழக்கிழமை வரச்சொன்னார் டெய்லர். போன வியாழனும் இதையேதான் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன். தெரியாத நம்பர். எடுத்தால், “கலா, நான்தான்.”

அண்ணா. ஆறு வருஷத்துக்குப் பிறகு. குரல் மெலிந்து போயிருந்தது. பஸ் சத்தத்தில் லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்து ரெண்டு தடவை ஹலோ ஹலோ என்றார்.

“சொல்லுண்ணா.”

“ஹார்ட்ல அடைப்பு. நாளைக்கு பைபாஸ். அடையாறுல. முதல் கேஸ் என்னுதுதான், ஆறே காலுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்கு முன்னாடி வர்றியா? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“இப்பவே வரேன்.”

“இப்ப விடமாட்டாங்க. காலைல அஞ்சரைக்கு வா. போன்ல சொல்ற விஷயம் இல்ல.”

சரி என்றேன்.

சார்ஜ் 8%. எந்த மாடி, எந்த ரூம் என்று அண்ணி மெசேஜ் அனுப்புவார் என்றார். அதுவரை போன் உயிரோடு இருக்க வேண்டுமே. பேட்டரியை ரொம்ப மிச்சம் பிடிக்கிற மோடு ஒன்று இருக்கிறது, அதைப் போட்டேன். என்னவோ எச்சரிக்கை வந்தது. படிக்காமல் ‘சரி’ அழுத்தினேன். திரை கறுப்பாகி, கால், மெசேஜ் என்று நாலைந்து படம் மட்டும் நின்றது. மயிலாப்பூர் வந்து இறங்கும்போது 5%. மெசேஜ் வந்திருந்தது. நாலாவது மாடி, 412.

வீட்டில் சார்ஜ் போட்டேன். 90 வந்ததும் அந்த மோடு தானாகவே போய்விட்டது, திரை பழையபடி. ஹெச்.எம்.முக்கு லீவு மெசேஜ். வண்டிக்கு பெட்ரோல் இருக்கிறது. நீலப் புடவை எடுத்து வைத்தாச்சு.

அலாரம் எப்பவும் போல நாலே முக்கால், தினமும் அடிப்பதுதான். போனோடு வந்த அலாரத்தைத் தூக்கத்திலேயே அணைத்துவிடுகிறேன் என்று போன வருஷம் ஒரு ஆப் போட்டேன். மூணு பெருக்கல் கணக்குப் போட்டால்தான் நிற்கும். கணக்கு டீச்சருக்கு ஏற்ற அலாரம் என்று ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள்.

அம்மா விஷயமாகத்தான் இருக்கும். அம்மாவுக்கு ரெண்டாவது தடவை ஸ்ட்ரோக் வந்தப்போ, தலையில் ஆபரேஷன் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டது நான். அண்ணா அப்போது மஸ்கட்டில். மூணாம் நாள் அம்மா போய்விட்டாள். அவர் வந்து இறங்கியதும் எல்லார் முன்னாலும், “நீதாண்டி கொன்னுட்டே” என்றார். அதோடு பேச்சு நின்றது. அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார் என்று மனசு சொல்கிறது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முகத்தைப் பார்த்தால் போதும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுந்தது ஏழு பத்துக்கு.

ஜன்னலில் வெயில். கீழே ஸ்கூல் வேன் ஹாரன். முதலில் ஒன்றும் புரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை மாதிரி படுத்திருந்தேன். பிறகு புரிந்தது. போனைப் பார்த்தேன். 100%. அடித்து நின்றதற்கான அடையாளம்கூட இல்லை. ஆப்பைத் திறந்தேன். 4.45, பச்சை நிறத்தில், ஆன்.

குளிக்கவில்லை. நேற்றுக் கட்டிய புடவையோடு வண்டி. மந்தைவெளியில் சிக்னல், பட்டினப்பாக்கத்தில் சிக்னல். போய்ச் சேர ஏழு ஐம்பது.

அண்ணி நாலாவது மாடி வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில். மடியில் அண்ணாவின் கண்ணாடி, வாட்ச்.

“கூட்டிட்டுப் போயிட்டாங்களா அண்ணி?”

“மணி என்ன இப்போ?”

“அலாரம் அடிக்கல அண்ணி.”

என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். திரும்பி லிஃப்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணிக்கு டாக்டர் வந்தார். ஆபரேஷன் முடிந்தது, ஆனால் ரத்தக் கசிவு நிற்கவில்லை, மறுபடி திறக்க வேண்டியிருந்தது, இருபத்துநாலு மணி நேரம் போகட்டும் என்றார். அண்ணி கேட்ட கேள்வி: “முழிச்சுக்குவாரா?” பார்க்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

முழிக்கவில்லை. ஐ.சி.யூ.வில் ஆளுக்கு ரெண்டு நிமிஷம். குழாய்களுக்கு நடுவில் முகம் சின்னதாக இருந்தது. முன்பக்கம் முழுக்க வழுக்கை. எனக்குத் தெரியாமலே நரைத்து, எனக்குத் தெரியாமலே கொட்டியிருக்கிறது. “அண்ணா, கலா வந்திருக்கேன்” என்றேன். நர்ஸ் மானிட்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கோடு அதே மாதிரிதான் போனது.

வெளியே வந்ததும் ஜாக்கெட் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை 10.20.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று அண்ணாவின் தகனம் முடிந்தது. வடபழனியில் அண்ணா வீட்டில் கூட்டம். நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன். யாரோ ஒருத்தி ஹாலில், குரலைத் தாழ்த்திக்கொள்ளக்கூட இல்லை: “கடைசியா பாக்கக் கூப்பிட்டிருக்கார். இவ வரல. அலாரம் அடிக்கலியாம்.” இன்னொருத்தி: “டீச்சராம்.”

அண்ணி மறுத்து எதுவும் சொல்லவில்லை.

கேட் டியூட்டியில் லேட்டாக வரும் பிள்ளைகளிடம் காரணம் கேட்டு ரெஜிஸ்டரில் எழுதுவது நான்தான். ‘அலாரம் அடிக்கவில்லை’ என்று வருஷத்துக்கு நூறு தடவையாவது எழுதியிருப்பேன். ஒரு பிள்ளையையும் நம்பினதில்லை.

தூக்கத்திலேயே நான்தான் கணக்கைப் போட்டு அணைத்துவிட்டேனா? உள்மனசுக்கு அண்ணாவைப் பார்க்கப் போகப் பிடிக்காமல்? ரெண்டு நாளாக இதே யோசனை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். லஸ் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை. முப்பது வயசுக்காரர், காதில் பென்சில். நடந்ததைச் சொன்னேன், அண்ணா விஷயம் தவிர.

“முந்தின நாள் பேட்டரி சேவர் எதுனா போட்டியாக்கா? அந்தப் பெரிய சேவர்?”

“போட்டேன். ஆனா காலைல 100% இருந்துச்சே.”

“சார்ஜுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா.” டப்பாவிலிருந்து ஒரு ரசீது காகிதம் எடுத்தார். “இந்த ஆப் ராத்திரி பூரா முழிச்சிக்கினு உக்காந்து மணி பாக்காது. ‘நாலே முக்காலுக்கு என்னை எழுப்பு’ன்னு போன் கையில சீட்டு எழுதிக் குடுத்துட்டுத் தூங்கிடும். போன்தான் அத எழுப்பணும். நீ சேவர் போட்டதும் போன் இன்னா பண்ணிச்சு, வெளியிலேர்ந்து எறக்கின ஆப் எல்லாத்தையும் நிறுத்திடிச்சு. நிறுத்துனா அது குடுத்த சீட்டையும் கிழிச்சிடும்.” காகிதத்தைக் கிழித்தார். “சேவர் போனப்புறம் சீட்டு தானா ஒட்டிக்காது. நீ ஆப்பை ஒரு தபா தொறக்கணும். தொறந்தா மறுபடி புதுசா எழுதிக் குடுக்கும்.”

“ஆனா ஆன்னுதானே காட்டுச்சு?”

“அது ஆப்போட சொந்த நோட்டு. அதுல ஆன்னுதான் இருக்கும். போன் கையில சீட்டு கீதான்னு பாக்க வேற எடம்.” திரையின் மேல் ஓரத்தைத் தொட்டார். நெட்வொர்க் கோடுகள் பக்கத்தில், கடுகளவு ஒரு கடிகாரப் படம். “இது இருந்தா அடிக்கும். போன் மேல தப்பு இல்லக்கா. நீ சொன்னதத்தான் அது செஞ்சிக்கினு கீது.”

காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

ஸ்கூலுக்குப் போனேன். எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். மாலையில் வீட்டில் செய்து பார்த்தேன்.

1. சும்மா, 5.30க்கு வைத்தேன். மேலே கடிகாரப் படம் இருந்தது. அடித்தது.
2. 5.45க்கு வைத்து, பெரிய சேவரைப் போட்டு, எடுத்தேன். படம் இல்லை. ஆப்பைத் திறக்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தேன். 5.45. 5.46. 5.50. ஒன்றும் இல்லை.
3. 6.05. அதே மாதிரி சேவர் போட்டு எடுத்தேன். இந்தத் தடவை ஆப்பைத் திறந்து பார்த்தேன், ஒன்றையும் தொடவில்லை. படம் வந்துவிட்டது. அடித்தது.
4. போனோடு வந்த அலாரம், 6.20. சேவரில் இருக்கும்போதே அடித்தது. அதை மட்டும் போன் நிறுத்துவதில்லை.

கணக்கை நான் போடவில்லை. அது அடிக்கவே இல்லை. ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. பிறகு மூணாவது சோதனை. திங்கட்கிழமை படுக்கப் போகும் முன் ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும். தினமும் அடிப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். போனோடு வந்த அலாரத்தையும் வைத்தேன். யாருக்காக என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் முடிந்து நேரே வடபழனி. அண்ணியிடம் எல்லாம் சொன்னேன், சீட்டு, சேவர், கடிகாரப் படம். போனையும் காட்டினேன். செய்து காட்டட்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. அண்ணாவின் சட்டைகள்.

“இதெல்லாம் எதுக்கு என்கிட்ட காட்டற, கலா?”

“வேணும்னு வராம இருக்கலன்னு...”

“போதும். போனை உள்ள வை.”

காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

பதினாறாம் நாள். சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பியாச்சு. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி பின்னால் வந்து நின்றார்.

“நீ வேணும்னு வரலன்னு நான் நினைக்கல.”

குழாயை மூடினேன்.

“அஞ்சே முக்காலுக்கு உனக்கு போன் போடலாம்னு எடுத்தேன். நம்பர்கூட எடுத்துட்டேன். அவர்தான் வேணாம்னார்.”

“ஏன்?”

“வண்டி ஓட்டிட்டு வந்துட்டிருப்பா. போன் அடிச்சா ஓட்டிக்கிட்டே எடுப்பா. வேணாம். வந்துடுவான்னார்.” அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் போட்டிருக்கணும். அவர் பேச்சைக் கேக்காம போட்டிருக்கணும். நீ அலாரம் அலாரம்னு சொல்றப்பல்லாம் எனக்கு அதான் தோணும். ஒரு போன். நீ எந்திரிச்சிருப்ப.”

ஆமாம், எழுந்திருப்பேன். போன் தலைமாட்டில்தான் இருந்தது. கால் வந்தால் அடித்திருக்கும்.

அதைச் சொல்லவில்லை. “தூங்கினா நான் எதுக்கும் எழ மாட்டேன் அண்ணி” என்றேன். நம்பினாரா தெரியவில்லை.

என்ன சொல்லக் கூப்பிட்டார் என்று கேட்டேன். அண்ணிக்கும் தெரியாது. “அவகிட்டதான் சொல்லணும்னுட்டார்.” ஸ்ட்ரெச்சர் வந்ததும் அஞ்சு நிமிஷம் பொறுங்க, தங்கச்சி வரா என்றாராம். வார்டுபாயும் நின்றிருக்கிறார். அப்புறம் தியேட்டரிலிருந்து போன் வந்திருக்கிறது. லிஃப்டுக்குள் தள்ளும்போதும் தலையைத் தூக்கி வராந்தாவைப் பார்த்தாராம்.

“திரு.வி.க. பாலத்துக்கிட்ட வந்திருப்பா இந்நேரம்னு சொல்லிட்டேதான் போனார்.”

அப்போது மணி ஆறு இருபது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெயில். துணி ஊற வைத்திருக்கிறேன். ‘பி’ பிரிவுத் தாள் 21 இன்னும் அப்படியே. அண்ணி கூப்பிட்டார், மிக்சி ஓடவில்லையாம். இங்கே கிரைண்டரில் தோசை மாவு அரைத்து எடுத்துக்கொண்டு போகணும்.