சீர் என்று எழுதச் சொன்னாய்

அக்கா,

இன்று காலை வைட்ஃபீல்டுக்குப் போகும் ஆபீஸ் வண்டியில் உட்கார்ந்திருந்தபோது போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஏதோ ஒரு ஆன்லைன் பரிசுக் கடை. ‘வேறு ஊரில் இருக்கும் உங்கள் சகோதரனுக்கு, சகோதரிக்கு’ என்று ஆரம்பித்து ராக்கி, முந்திரி, இனிப்பு, பெயர் பொறித்த கோப்பை என்று வரிசையாகப் படங்கள். மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். என் கண் நேராகக் கடைசி வரிக்குப் போயிற்று. எந்த ஊருக்கு எந்தத் தேதிக்குள் ஆர்டர் செய்ய வேண்டும் என்று அங்கேதான் இருக்கும். பெரிய நகரங்கள் எல்லாம் இருந்தன. திருச்சி இல்லை. உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சில்க் போர்டு நெரிசலில் வண்டி நின்றபோது மனதுக்குள் இந்தக் கடிதத்தைத் தொடங்கிவிட்டேன்.

பெங்களூர் ஆடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில்தான் நான் வேலை பார்த்த பரிசுக் கடை இருந்தது. கடை என்றாலும் வாசலில் பலகை கிடையாது. நாலைந்து கம்ப்யூட்டர், சுவரோரம் அட்டைப்பெட்டிகள், கீழே இரும்பு கடையும் சத்தம். இணையத்தில் யாராவது ஆர்டர் போட்டால் நாங்கள் பெட்டி கட்டிக் கூரியரில் அனுப்புவோம். பூ, கேக் போல உடனே கெடுகிற பொருளென்றால் அந்தந்த ஊரில் எங்களோடு சேர்ந்திருந்த கடைக்காரருக்குத் தகவல் போகும். அவர் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார். கடையின் இணையப் பக்கத்தில் இருக்கும் வாசகங்களையும் வாடிக்கையாளருக்குப் போகும் மெயில்களையும் எழுதுவது என் வேலை. ஈஜிபுராவில் அறை எடுத்திருந்தேன். “எழுதறதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?” என்று நீ நம்பாமல் கேட்டாய்.

ராக்கிதான் அந்தக் கடையின் பெரிய பண்டிகை. ஜூலை தொடங்கும்போதே பக்கத்தை ஏற்றிவிடுவோம். போன வருடம் வாங்கியவர்களுக்கு முதல் மெயில், பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு இரண்டாவது, கடைசித் தேதி நெருங்கும்போது நினைவூட்டல். தூரத்து ஊர்களுக்குப் பால் இனிப்பு கிடையாது. வழியில் கெட்டுவிடும் என்பதால் முந்திரியும் பாதாமும்தான். வாழ்த்து அட்டையில் சில வரிகளுக்கு மேல் இடமில்லை. அந்தச் சின்ன இடத்துக்குள் ஜனங்கள் எதையெல்லாமோ அடக்கப் பார்ப்பார்கள்.

பக்கம் திறக்குமுன் ஒரு சின்ன ஊருக்குச் சோதனைப் பெட்டி அனுப்பிப் பார்ப்பது வழக்கம். எத்தனை நாளில் போகிறது, உடையாமல் போகிறதா என்று தெரிய வேண்டும். உன் உறையூர் முகவரியைக் கொடுத்தேன். பெட்டி வந்த அன்று நீ போன் செய்தாய்.

“என்னடா இது, கயிறு வந்திருக்கு?”

“அது ராக்கிக்கா. அக்கா தம்பிக்குக் கட்டணும்.”

“நான் உனக்குக் கட்ட வேண்டிய கயித்தை நீயே வாங்கி எனக்கு அனுப்புவியா? நான் திரும்ப உனக்கு அனுப்பணுமா? உங்க ஆபீஸ்ல யாருமே யோசிக்கறதில்லையா?” பக்கத்தில் மாமா சிரிப்பது எனக்குக் கேட்டது. “பெட்டி ஒரு பக்கம் நசுங்கியிருக்கு. முந்திரி நல்லாருக்கு.”

நீ சிரித்தாய், ஆனால் அந்த வருடம் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வடக்கே ஆர்டர் கொட்டியது. தமிழ்நாட்டுப் பக்கம் அப்படியே கிடந்தது. முதலாளி கிரீஷ் மைசூர்க்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். “ஏன் மாராயா, உங்க ஊர்ல அண்ணன் தங்கச்சியே இல்லையா? இன்னொரு பண்டிகை பாக்கறேன். இல்லேன்னா தமிழ்நாட்டை மூடிடலாம்” என்றார். தமிழ்நாட்டுக்காகத்தான் என்னை வைத்திருந்தார். அதை மூடினால் எனக்கு அங்கே வேலையில்லை.

அன்று உன்னிடம் புலம்பினேன். நீ யோசிக்கக்கூட இல்லை.

“நம்ம ஊர்ல தம்பி அக்காவுக்கு அனுப்பறதுதாண்டா வழக்கம். பொங்கல் சீர். கல்யாணமான ஒவ்வொருத்தியும் பொங்கலுக்கு முந்தி வாசலைப் பாத்துக்கிட்டிருப்பா. வெளியூர்ல இருக்கிற தம்பிங்களுக்கு லீவு கிடைக்காது. அவங்களுக்கு உன் கடை போதாதா?”

மறுநாள் கிரீஷிடம் சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் மஞ்சள் கொத்தையும் கரும்பையும் பெங்களூரிலிருந்து கூரியரில் அனுப்ப முடியாது. திருச்சியில் எங்களோடு இருந்த பூக்கடைக்காரரைக் கேட்டோம். பொங்கல் நேரத்தில் தன் கடையை விட்டு அலைய முடியாது என்று மறுத்துவிட்டார்.

“நான் செய்யறேன். மாமா ஆட்டோ இருக்கு, காந்தி மார்க்கெட் இருக்கு. வேற என்ன வேணும்?” என்றாய்.

அப்படித்தான் நீ எங்கள் திருச்சி ஏஜெண்ட் ஆனாய். புடவையும் நெய்யும் முந்திரியும் இங்கிருந்து முன்கூட்டியே உன் வீட்டுக்கு வந்து சேரும். பச்சரிசி, வெல்லம், தேங்காய், வாழைப்பழம், கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் நீ வாங்க வேண்டும். புடவை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வாரம் முன்பே ஆர்டரை முடித்துவிடுவோம். புடவை வேண்டாம் என்றால் போகிக்கு முந்தின நாள் வரை வாங்கிக்கொள்வோம். தெருமுனை பிரவுசிங் சென்டரில் மெயிலைத் திறந்து, அன்றைய முகவரிகளை அச்செடுத்துக்கொண்டு நீ கிளம்புவாய். வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கி எனக்குப் போன் செய்ததும், அனுப்பியவருக்கு ‘சேர்ந்துவிட்டது’ என்று நான் மெயில் போடுவேன்.

பக்கத்தில் நான் எழுதியிருந்ததை உனக்குப் போனில் படித்துக் காட்டினேன். ஆங்கிலப் பக்கம். ‘உங்கள் சகோதரிக்கு ஒரு பொங்கல் பரிசு’ என்று பொருள்வரும் வரி.

“பரிசுன்னு போடாதடா. பரிசு ஓட்டப்பந்தயத்துல குடுக்கறது. சீர்னு போடு.”

“இங்கிலீஷ்ல அதுக்கு வார்த்தை இல்லக்கா.”

“சீர்னே இங்கிலீஷ் எழுத்துல போடு. அக்கா இருக்கிறவனுக்குப் புரியும்.”

அப்படியே போட்டேன். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஆர்டர் வந்தது. “ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்தது” என்று ஒருவர் மெயில் எழுதியிருந்தார். கிரீஷ் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். நானும் அந்தப் பக்கத்திலேயே பணம் கட்டி உனக்கு ஓர் ஆர்டர் போட்டேன். மற்றவர்களுடையதோடு சேர்ந்து அதுவும் உனக்கே வந்தது. “என் சீரை நானே பேரம் பேசி வாங்கி, நானே தூக்கிட்டு வந்து, நானே கையெழுத்துப் போட்டேன். சீர் செஞ்ச தம்பி நல்லாருக்கணும்” என்று நீ சொன்ன விதத்தில் நான் ஆபீஸ் என்று பார்க்காமல் சிரித்தேன்.

போகியன்று மத்தியானம் உன் குரல் வேறு மாதிரி இருந்தது. திருவெறும்பூரிலிருந்து பேசினாய். வசந்தா என்று ஓர் அம்மா. அனுப்பியவர் புனேயில் இருக்கும் தம்பி. பெயரைக் கேட்டதுமே அந்த அம்மா, “திருப்பி எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டாராம்.

எங்கள் விதி தெளிவானது. வாங்க மறுத்தால் ‘பெறுநர் மறுத்தார்’ என்று பதிவு செய்து அனுப்பியவருக்கு மெயில் போட வேண்டும். அழுகும் பொருளுக்குப் பணம் திரும்பாது. நான் அதை எழுதத் தொடங்கியிருந்தேன்.

“மறுத்தாங்கன்னு போடாதே. கொஞ்சம் பொறு” என்றாய். “அவங்க பொண்ணு கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரலையாம். மாமன் நிக்க வேண்டிய இடத்துல யாரோ பங்காளி நின்னாராம். அப்பலேர்ந்து பேச்சில்ல. இப்ப கடையிலேர்ந்து சீர் வந்தா யாருக்குத்தான் கோவம் வராது?”

“நாம என்னக்கா செய்யறது?”

“அந்தத் தம்பியோட நம்பர் உங்கிட்ட இருக்குல்ல?”

“உங்கிட்ட குடுக்கக் கூடாது.”

“எனக்கு எதுக்கு? நீ பேசு. அவரையே இந்த வீட்டுக்குப் போன் போடச் சொல்லு. நான் தண்ணி கேட்டு உள்ள உக்காந்திருக்கேன்.”

புனே எண்ணுக்குப் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். “அக்கா எடுக்க மாட்டாங்க சார். என் குரல் கேட்டாலே வெச்சுடுவாங்க” என்றார். “சீர் இன்னும் வாசல்லதான் இருக்கு சார். எடுத்துட்டுப் போகல. இப்பப் போடுங்க” என்றேன்.

அதற்குப்பின் நடந்ததை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! போன் அடித்தது. அந்த அம்மா எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வைக்கவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. நீ கையில் தம்ளரோடு, குடித்து முடித்த தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாயாம். கடைசியில் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கரும்பு ரொம்ப மெல்லிசா இருக்கு. அடுத்த வருஷம் நீயே பாத்து வாங்கிட்டு வா” என்றார். போனை வைத்துவிட்டு உன்னைப் பார்த்து, “எங்கம்மா கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டார்.

“கரும்பு நல்ல கரும்புதாண்டா! நானே பொறுக்கி எடுத்தது” என்று அன்று முழுக்க உனக்கு மனத்தாங்கல்.

அதற்கு அடுத்த வருடம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தோம். சீர் வாசலுக்கு வரும் நேரத்தைச் சொல்கிறோம், அப்போது நீங்கள் போனில் இருங்கள் என்று. சேலத்தில், மதுரையில், கும்பகோணத்தில் எல்லாம் ஆள் பிடித்தோம். தமிழ்நாட்டை மூடுவதைப் பற்றிக் கிரீஷ் அதன்பின் பேசவில்லை. நான் பொங்கலுக்கு ஆர்டர் போடுவதை விட்டுவிட்டு, நின்றுகொண்டாவது பஸ்ஸில் வந்துவிடுவேன். ஆட்டோவின் பின்சீட்டில் கரும்புகளுக்கு நடுவே நாம் இருவரும் நசுங்கிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். பெட்டியைக் கொடுத்ததும் நீ கிளம்ப மாட்டாய். “அடுத்த வீட்டுக்கு நேரமாச்சுக்கா” என்று நான் இழுப்பேன். “பிரிக்கட்டும், மொகத்தைப் பாத்துட்டுப் போலாம்” என்பாய்.

அந்தக் கடை பிறகு பெரிய கடையொன்றோடு சேர்ந்துபோயிற்று. சீர்ப் பக்கத்தை அவர்கள் எடுத்துவிட்டார்கள். நான் வேறு வேலைக்குப் போனேன். உனக்கு உடம்பு முடியாமல் போனதும் அந்த வருடங்களில்தான். மருத்துவமனையில் உன் பக்கத்தில் இருந்தேன் என்பது மட்டும் ஆறுதல்.

நீ எங்களை விட்டுப் போன வருடம் நம் வீட்டில் பொங்கல் இல்லை. மறுவருடம் தை பிறப்பதற்குச் சில நாள் முன்பு, ஒரு பெண்குரல் போனில் அழைத்தது. திருவெறும்பூர் வசந்தா அம்மா. நீ எப்போதோ கொடுத்த என் எண்ணை எங்கோ எழுதி வைத்திருந்திருக்கிறார்.

“என் தம்பி வருஷா வருஷம் நேர்லயே வந்துடறான். ஆனா உங்கக்காவும் பொங்கல் முடிஞ்சு ஒரு எட்டு வந்துட்டுப் போவாங்களே. ரெண்டு வருஷமாக் காணுமேன்னு கேக்கறேன்.”

நீ அவர் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப நீங்க யாருக்கு சீர் கொண்டு போவீங்க தம்பி?”

“யாருக்கும் இல்லம்மா” என்றேன்.

“இங்க கொண்டாங்க. நான் வாங்கிக்கறேன்.”

போனேன் அக்கா. காந்தி மார்க்கெட்டில் நானே தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கினேன். அவர் விளக்கேற்றிவிட்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு தைக்கும் போகிறேன். போன பொங்கலுக்கு அவருடைய தம்பியும் நானும் ஒரே நேரத்தில் வாசலில் போய் நின்றோம். அவர் உள்ளேயிருந்து, “ரெண்டு பேரும் ஒண்ணா நில்லுங்க, ஆரத்தி எடுக்கணும்” என்று குரல் கொடுத்தார்.