மாப்பிள்ளை செய்த அடக்க ஜெபம்

8 மே 2008, வியாழன்

ஆஸ்பத்திரி ஓ.பி.யில் இன்று திருவிழாக் கூட்டம். களைத்துப்போய் வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். பையன் பெயர் சார்லஸ். புவனகிரியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்கு இருபத்தெட்டு ஆனதிலிருந்து அம்மா பேச்சில் 'கர்த்தருடைய சித்தம்' ஜாஸ்தியாகிவிட்டது. கர்த்தருக்குக் கடலூர் நர்சுகளை விட்டால் வேறு வேலையே இல்லையா?

11 மே, ஞாயிறு

ஐயோ. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சார்லஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது, சட்டை தொப்பலாக நனைகிறது. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டல். அம்மாவின் அண்ணன் ராஜாமணி மாமா சம்பளம் கேட்டபோது மட்டும், "கம்மிதான் சார். பர்மனென்ட்டும் இல்ல" என்றார். காபி டம்ளரைத் தட்டிவிட்டார். அம்மா துணி எடுத்து வருவதற்குள் தன் கைக்குட்டையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். மாமா விடுவாரா? அப்பா போனபிறகு எங்கள் வீட்டு உச்ச நீதிமன்றம் அவர்தான். "தம்பி, ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்க, கேப்போம்" என்றார். எங்கள் சனத்தில் இதுதான் நேர்முகத் தேர்வு. படிப்பு, சம்பளம் எல்லாம் அப்புறம்.

சார்லஸ் எழுந்தார். கண்ணை மூடினார். திடீரென்று கணீர் குரலில், "கர்த்தாவே, எங்களை விட்டுப் பிரிந்துபோன சகோதரி ஜான்சியின் ஆத்துமாவை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். துக்கத்தில் இருக்கிற இந்தக் குடும்பத்தைத் தேற்றும்."

கல்லறையில் பண்ணுகிற அடக்க ஜெபம்! எனக்கு! புதுப் பட்டுப்புடவையோடு நான் எதிரே நிற்கிறேன்!

குபீரென்று சிரித்துவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள். சிரிப்பு நிற்கவில்லை. அவர் முகம் செத்துப்போயிற்று. கிளம்பிய அவசரத்தில் மாமாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மாமாவுக்கு மிஞ்சியது அளவு பத்தாத ஒரு ஜோடி.

12 மே

"உசுரோட இருக்கற பொண்ண பொதைச்சிட்டான். பையனுக்கு ஏதோ கோளாறு" — மாமாவின் தீர்ப்பு. நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பொண்ணைப் பார்க்க வந்துவிட்டுப் பொண்ணைப் பார்க்காத ஆளை என்ன செய்வது?

அடுத்தது மேல்பட்டாம்பாக்கத்து ராபர்ட்டாம். சென்னையில் வேலை. அம்மாவிடம் போனிலேயே அரைமணி நேரம் பேசியிருக்கிறான். "என்னா பேச்சு, என்னா மரியாதை!" அம்மா உருகுகிறாள். மாத முடிவுக்குள் முடிவு சொல்லணுமாம். கல்யாணமா, கரண்ட் பில்லா?

15 மே

குமராட்சியிலிருந்து சின்னையன் என்று ஒரு பெரியவர். ஆஸ்பத்திரி என்றாலே நடுக்கம். வந்ததும் வராததுமாக பிரஷர் பார்த்தால் 176. பயிற்சிக்கு வந்த பெண் அதை அப்படியே சீட்டில் எழுதப் போனாள். பிடித்து நிறுத்தினேன். அவரைச் சாய்ந்து உட்காரவைத்து, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, பேச்சுக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் விட்டேன். கூட வந்து தொணதொணத்த மகனை வெளியே அனுப்பினேன். மறுபடி பார்த்தால் 138.

"முதல்ல வந்தது பயத்தோட அளவும்மா, ஆளோட அளவு இல்ல" என்று அந்தப் பெண்ணுக்குப் பெரிய மேதாவி மாதிரிப் பாடம் எடுத்தேன்.

பஸ்சில் வரும்போதுதான் உறைத்தது. ஏண்டி ஜான்சி, ஊருக்கெல்லாம் ரெண்டாவது ரீடிங், அந்த ஆளுக்கு மட்டும் முதல் ரீடிங்கா?

வியர்வை, தலையாட்டல், ஜெபம், செருப்பு — எல்லாம் பயம். சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதது பயமா? பயந்தவன் பொய்தானே சொல்வான்? தரையைத் துடைத்தது? அதெல்லாம் ஆளு. பயந்து நடுங்கும்போதும் யாரையும் சுள்ளென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் ஆளுதான்.

சரி, மறுபடி பார்த்தாலும் 176 என்றால்? அப்போது எழுதிக்கொள்கிறேன்.

16 மே

வீட்டில் ரகளை. "வேணாம்னு சொல்லி அனுப்பியாச்சுடி, எந்த மூஞ்சிய வச்சிக்கினு திரும்பக் கூப்புடறது?" என்று அம்மா கத்தினாள். என் மூஞ்சியை வச்சிக்கினு நானே கூப்பிடுகிறேன் என்றேன். இந்தத் தடவை மாமா கிடையாது, காபி கிடையாது, எதிரெதிர் நாற்காலி கிடையாது.

சம்பந்தம் கொண்டுவந்த மலர்க்கொடி அக்காவிடம் சொன்னேன், அவர் சார்லஸ் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். சார்லசின் அம்மா அங்கே கொதிக்கிறாராம். "எங்க புள்ள ஜெபம் பண்ணும்போது சிரிக்குது, அம்மாம் கொழுப்பு!"

கொழுப்பா? எனக்கா? பயந்தால் சிரிப்பு வரும் எனக்கு. அப்பாவுக்கு ஊசி போடும்போதுகூட வந்தது. அட... அவுங்களும் முதல் ரீடிங்கைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் சார்லஸ் சிதம்பரத்துக்கு வருகிறாராம். செருப்பைத் திருப்பித் தரணுமாம்.

24 மே, சனி, சிதம்பரம்

என்கூட வேலை பார்க்கும் சிவகாமுவின் வீடு கோயிலை ஒட்டிய கீழவீதியில். அவளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். புரிந்துகொண்டு பத்தடி பின்னால் வந்தாள், புண்ணியவதி.

சார்லஸ் கையில் மஞ்சள் பை, அதில் மாமாவின் செருப்பு. அறுந்துகொண்டிருந்த வாரைத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். பையை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். "எனக்கும் கை சில்லுனு இருக்கு. அன்னிக்கு உங்களக் கேலி பண்ணி சிரிக்கல. பயத்துல எனக்கு அப்படித்தான் வரும். நடந்துக்கிட்டே பேசலாமா?"

பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தெற்கு வீதி முழுக்க அவர் பேசவில்லை. நானும் தோண்டவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா வருவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். மேலவீதி திரும்பியதும் தானாகவே ஆரம்பித்தார்.

"எங்க சபையில ஜெபம் நடத்தற உபதேசியாருக்கு முட்டிவலிங்க. கல்லறை வரைக்கும் நடக்க முடியாது. அங்க நாந்தான் ஜெபம் பண்ணுவேன். நாலு பேரு முன்னாடி சத்தமா ஜெபிச்சது அது மட்டுந்தான். உங்க மாமா கேட்டதும் தலைக்குள்ள எல்லாம் அழிஞ்சிடுச்சி. வாயி தெரிஞ்ச வழியில போயிடுச்சி."

"கிளாஸ்ல அறுபது பசங்க முன்னாடி பேசறீங்களே?"

"அங்க நான் மார்க் போடறேன். உங்க வூட்ல எனக்குல்ல மார்க் போட்டாங்க."

நடுவீதியில் நின்று சிரித்தேன். இந்தத் தடவை அவரும் சிரித்தார். வடக்கு வீதியில் அவர்தான் பேசினார், நான் கேட்டேன். இது வரலாற்றில் முதல் முறை. நைட் டியூட்டி பார்க்கணும், அதை விடமாட்டேன் என்றேன். "அப்ப நான் சமைக்கக் கத்துக்கணும்" என்றார். தேர்வு மேசைக்கு முன்னால் சொன்ன பதில் இல்லை இது. எனக்குப் பிடித்திருந்தது. ஆமாம், பிடித்திருந்தது, என்ன இப்போ?

1 ஜூன்

சார்லசுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன், ராபர்ட்டுக்கு வேண்டாம் என்று. மாமா முறைத்தார். செருப்பு வாரை இழுத்துப் பார்த்தார். "தையல் கெட்டியாத்தான் இருக்கு" என்றார். சார்லஸ் மறுபடி வீட்டுக்கு வந்தபோது மாமா வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார். "மாமா, இன்னிக்கு நீங்களே ஜெபம் பண்ணுங்க" என்றேன். பண்ணினார். முடிக்கவே இல்லை.

27 ஜூலை, ஞாயிறு

சபையில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று பாஸ்டர் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

14 ஆகஸ்ட் 2012, செவ்வாய்

மாமாவை அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

நாலு வருஷமாக அவருக்கு சார்லஸ் 'அடக்க மாப்பிள்ளை'தான். கல்யாணத்தில், எங்கள் பாப்பாவின் ஞானஸ்நானத்தில், யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். போன வாரம் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "மாப்ள, எனக்கு நீதான்யா பண்ணணும். வேற எவனும் வேணாம்" என்றார்.

கல்லறையில் அத்தனை பேர். சார்லசின் பக்கத்தில் போய் நின்றேன், எதிரே இல்லை. கண்ணை மூடினார். அதே கணீர் குரல், அதே வார்த்தைகள், பெயர் மட்டும் வேறு. துக்கத்தில் இருக்கிற இந்தக் குடும்பத்தைத் தேற்றும் என்றபோது அம்மா வாய்விட்டு அழுதாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டார்.