பத்து மாத்திரை

அக்கா,

பாவாடை ஓரம் அடிக்க ஊசி தேடினேன். நீங்கள் தந்த கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்தபோது ஊசிகளெல்லாம் மடியில் கொட்டின. அதில் ஒட்டியிருந்த தாள் பாதி உரிந்துவிட்டது. நூறில் ஒரு கிரெயின் என்ற மருந்தளவு மட்டும் அழியவில்லை. தையல் ஓடவில்லை.

அன்றைக்கு இவரைச் சிறுநீரகக் கல் வலியோடு குருவிகுளத்திலிருந்து வண்டியில் போட்டுச் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் சீட்டு எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். வலிக்கு மார்பியா, உள் இறுக்கம் தளர அட்ரோபின், இரண்டும் ஒரே ஊசியில். இரவு நர்ஸ் நீங்கள். ஸ்பிரிட் விளக்கில் கரண்டித் தண்ணீரைக் காய்ச்சி, அதில் கரைத்து ஊசியில் ஏற்ற, அட்ரோபின் குழாயிலிருந்து ஒரு மாத்திரையைத் தட்டினீர்கள். சீட்டைத் திரும்பப் பார்த்தீர்கள். மாத்திரை நூறில் ஒரு கிரெயின். சீட்டிலோ பத்தில் ஒன்று. அதற்குப் பத்து மாத்திரை கரைக்க வேண்டும். உங்கள் கை அப்படியே நின்றது.

விளக்கை அணைத்துவிட்டு, டாக்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினீர்கள்.

இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார். "வலிக்குள்ள மருந்தை மட்டுமாவது போடுங்கக்கா" என்று கெஞ்சினேன்.

"ஒரு எண்ணு தப்பா இருக்கும்மா. மத்ததை மட்டும் எப்படி நம்புவேன்?"

"அப்ப நீங்களே சரியா கரைச்சுப் போடுங்களேன்."

"சைபர் விட்டுப்போச்சுன்னுதான் நினைக்கேன். நினைப்பை ஊசியில ஏத்த முடியாது. பத்தும் உள்ள போனா நெஞ்சு அடிச்சுக்கிடும், பிதற்றுவாரு, உசுருக்கே ஆபத்து. பொறும்மா."

டாக்டர் வரும்வரை இவர் பிடிக்க உங்கள் மணிக்கட்டைக் கொடுத்திருந்தீர்கள். அவர் சீட்டைப் பார்த்ததும் பழைய எண்ணை அடித்துவிட்டு, நூறில் ஒன்று என்று புதிதாக எழுதிக் கையெழுத்திட்டார். "நல்ல வேளை, சிஸ்டர்" என்றார். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் இவர் தூங்கிவிட்டார். காலையில் உங்கள் மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. வீட்டுக்குப் புறப்படும்போது, மாத்திரை தீர்ந்துபோன அட்ரோபின் குழாய் ஒன்றை, "தையல் ஊசி போட்டு வையிட்டி" என்று கையில் திணித்தீர்கள்.

அதன்பின் சந்தைக்கு வரும்போதெல்லாம் உங்களைப் பார்க்காமல் திரும்பியதில்லை. கடைசியில் அதே வார்டில், வயிற்றுக் கட்டியோடு நீங்கள் கிடந்தீர்கள். புது நர்ஸ் ஊசியோடு வந்தாள். பேசவே முடியாத நீங்கள், "எத்தனை கரைச்ச?" என்று கேட்டீர்கள்.

"ஒண்ணுதான், சிஸ்டர்."

"சரி, போடு." பிறகு என்னைப் பார்த்து, "நல்ல பிள்ளை" என்றீர்கள். அதுதான் உங்கள் கடைசிப் பேச்சு. அன்று நானும் என் மணிக்கட்டைக் கொடுத்தேன் அக்கா. அதை இறுக்கிப் பிடிக்கக்கூட உங்களிடம் பலமில்லை.

இவர் பருத்திக் காட்டிலிருந்து வந்துவிட்டார். "ஏட்டி, தண்ணி கொண்டா" என்று வாசலில் நின்று அதட்டுகிறார். அந்த அதட்டலைக் கேட்கும்போதெல்லாம் உங்களை நினைக்கிறேன். இதோ, போகிறேன்.